அலுமினியம் குறைவாக இருந்தும் குளோரின் ஏன் முதலில் தீர்கிறது?

கேள்வி: "27 கிராம் அலுமினியமும் 85.2 கிராம் குளோரினும் வினைபுரிந்தால் எத்தனை கிராம் அலுமினியம் குளோரைடு கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். அலுமினியம்தான் குறைவாக இருக்கிறது என்று அதை வைத்து 133.5 கிராம் என்று எழுதினேன். விடைக்குறிப்பில் 106.8 கிராம் என்று இருக்கிறது. மோல் கணக்கிலும் அலுமினியம்தானே குறைவு? எங்கே தப்பு? நான் தண்டையார்பேட்டை, பிளஸ் டூ."

முதலில் உங்கள் விடையையே எடுத்துக்கொள்வோம். உள்ளே போனது 27 கிராமும் 85.2 கிராமும், மொத்தம் 112.2 கிராம். வெளியே வந்ததாக நீங்கள் எழுதியது 133.5 கிராம். கூடுதல் 21.3 கிராம் எங்கிருந்து வந்தது? விடைத்தாளில் கடைசி வரியை எழுதியதும் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்த்தால், சமன்பாட்டைத் திரும்பப் பார்க்காமலேயே தப்பு தெரிந்துவிடும். ஆனால் இது ஒரு பக்கச் சோதனைதான். விளைபொருள் மொத்த நிறையைத் தாண்டினால் விடை நிச்சயம் தவறு. தாண்டாவிட்டால் சரி என்று சொல்ல முடியாது.

விடைக்குறிப்பு சரி. காரணத்தைப் பார்ப்போம்.

கிராமில் ஒப்பிடக்கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் மோலுக்கும் போயிருக்கிறீர்கள். அலுமினியம் 27 ÷ 27 = 1 மோல். குளோரின் 85.2 ÷ 71 = 1.2 மோல். குளோரின் ஈரணு மூலக்கூறு என்பதால் 35.5 இல்லை, 71. இதுவரை எல்லாம் சரி. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பேனாவை வைத்துவிடுகிறார்கள். நான் பல வருடங்களாக மாலையில் வேதியியல் சொல்லித்தருகிறேன். 'சார், ஒண்ணு சின்னது, ஒண்ணு புள்ளி ரெண்டு பெருசு, அப்போ அலுமினியம்தானே லிமிட்டிங்?' என்ற கேள்வி ஒவ்வொரு பேட்ச்சிலும் வரும். கேட்பவர் நோட்டில் 1 மோலைச் சுற்றி வட்டமும் போட்டு வைத்திருப்பார். நன்றாகப் படிக்கிறவர்களும் விழுகிற பள்ளம் இது.

மோல் என்பது வெறும் எண்ணிக்கை. நம்மிடம் எத்தனை துகள் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைச் சொல்வது சமன்பாட்டின் குணகம்:

2Al + 3Cl₂ → 2AlCl₃

கேரம் போர்டை வைத்துச் சொன்னால் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஒரு செட்டுக்கு வெள்ளை 9, கருப்பு 9, சிவப்பு 1. ஒரு கடையில் வெள்ளை 45, கருப்பு 50, சிவப்பு 6 உதிரியாகக் கிடக்கின்றன. எண்ணிக்கையில் மிகக் குறைவு சிவப்பு. ஆனால் செட் போடும்போது முதலில் தீர்வது வெள்ளை. 45 ÷ 9 = 5, ஐந்து செட்டோடு வெள்ளை காலி. அதற்கு மேல் போட முடியாது. கருப்பில் 5, சிவப்பில் 1 மிஞ்சி நிற்கும். சிவப்பு ஆறுதான் இருந்தாலும் ஆறு செட்டுக்குப் போதும், ஏனென்றால் ஒரு செட்டுக்கு அது ஒன்றே ஒன்றுதான் தேவை. எது குறைவாக இருக்கிறது என்று கேட்டால் சிவப்பு என்றுதான் வரும். எது எத்தனை செட்டுக்கு வரும் என்று கேட்டால்தான் வெள்ளை பிடிபடும்.

வேதிவினையிலும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். சமன்பாட்டை அப்படியே ஒரு செட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்: 2 மோல் அலுமினியம், 3 மோல் குளோரின். நம்மிடம் உள்ள அலுமினியம் 1 ÷ 2 = 0.5 செட்டுக்கு வரும். குளோரின் 1.2 ÷ 3 = 0.4 செட்டுக்குத்தான் வரும். 0.4 சிறியது. ஆகவே முதலில் தீர்வது குளோரின், அதுதான் லிமிட்டிங் ரியேஜென்ட், தமிழ்வழிப் புத்தகத்தில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. கிராமிலும் அது அதிகம், மோலிலும் அது அதிகம், ஆனாலும் அதுதான் தட்டுப்பாடு. கேள்வி தயாரித்தவர் தெரிந்தேதான் இந்த எண்களைப் போட்டிருக்க வேண்டும். நிறையைப் பார்த்து முடிவு செய்கிறவரும் மாட்டுவார், மோலைப் பார்த்து முடிவு செய்கிறவரும் மாட்டுவார்.

இனி விளைபொருள். குளோரின் 1.2 மோல் முழுதும் செலவாகிறது. 3 மோல் குளோரினுக்கு 2 மோல் அலுமினியம் குளோரைடு என்றால், 1.2 மோலுக்கு 1.2 × 2 ÷ 3 = 0.8 மோல். அதன் மோலார் நிறை 27 + 3 × 35.5 = 133.5. ஆக 0.8 × 133.5 = 106.8 கிராம். அலுமினியம் எவ்வளவு செலவானது? குளோரின் 3-க்கு 2 என்ற கணக்கில் அதுவும் 0.8 மோல், அதாவது 21.6 கிராம். மிச்சம் 0.2 மோல், 5.4 கிராம். சரிபார்க்க, 106.8 + 5.4 = 112.2. உள்ளே போன நிறை அப்படியே திரும்பி வந்துவிட்டது. முதலில் சொன்ன கூட்டலைவிட இந்தச் சோதனை பலமானது. விளைபொருளையும் மிச்சத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து மொத்த நிறைக்குப் பொருந்தியே ஆக வேண்டும். மிச்சத்தைக் கணக்கிடாமல் மொத்தத்திலிருந்து கழித்து எழுதிவிட்டால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. அப்போது தப்பான விடைக்கும் பொருந்தத்தான் செய்யும்.

செட் கணக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் அடுத்து தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. 0.4 வந்ததும் நேராக 0.4 × 133.5 = 53.4 கிராம் என்று போட்டுவிடுவார்கள். 0.4 என்பது எத்தனை செட் என்ற எண், விளைபொருளின் மோல் இல்லை. ஒரு செட்டுக்கு 2 மோல் விளைபொருள் வருகிறது, எனவே 0.4 × 2 = 0.8. வகுக்கும்போது வினைபடுபொருளின் குணகம், பெருக்கும்போது விளைபொருளின் குணகம். இரண்டில் எதை விட்டாலும் விடை தப்பாகிவிடும்.

இதைத் தவிர்க்க இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வினைபடுபொருளும் முழுதாகத் தீர்ந்தால் எவ்வளவு விளைபொருள் வரும் என்று தனித்தனியாகப் போடுங்கள். அலுமினியம் முழுதும் தீர்ந்தால் 1 மோல், 133.5 கிராம். குளோரின் முழுதும் தீர்ந்தால் 0.8 மோல், 106.8 கிராம். சிறியதுதான் விடை. நீங்கள் எழுதிய 133.5 ஒன்றும் ஆகாயத்திலிருந்து விழுந்த எண் இல்லை. அலுமினியம் முழுதும் தீரப் போதுமான குளோரின் இருந்திருந்தால் அதுதான் விடை. அதற்கு 1.5 மோல் குளோரின், அதாவது 106.5 கிராம் வேண்டும். நம்மிடம் இருப்பது 85.2 மட்டும். விளைபொருளின் நிறையை மட்டும் கேட்டால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், குணகம் தவறுவது குறைவு. மிச்சம் எவ்வளவு என்றும் கேட்டால் செட் கணக்கு சுருக்கம்.

சமன்பாட்டை Al + 3/2 Cl₂ → AlCl₃ என்று பின்னத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று சிலர் பயப்படுவார்கள். ஒன்றும் ஆகாது. 1 ÷ 1 = 1, 1.2 ÷ 1.5 = 0.8. குளோரின்தான் மறுபடியும் சிறியது. இப்போது ஒரு செட்டுக்கு விளைபொருள் 1 மோல் என்பதால் 0.8 × 1 = 0.8 மோல். செட்டின் அளவு மாறியதே தவிர விடை மாறவில்லை. சமன் செய்யாமல் Al + Cl₂ → AlCl₃ என்று விட்டால் மட்டும் எல்லாமே கெட்டுவிடும்: ஒன்றுக்கு ஒன்று என்று ஆகி அலுமினியமே தட்டுப்பாடாகத் தெரியும், அதே 133.5 வரும். உங்கள் விடைத்தாளில் நடந்தது இதுவாகவும் இருக்கலாம். சமன்பாடு தரப்படாமல் சொற்களில் மட்டும் கேள்வி வந்தால் முதல் வேலை சமன் செய்வதுதான்.

அடுத்து, இதே கணக்கின் வாலாக வருகிற விளைச்சல் சதவீதம். செய்முறையில் உண்மையில் 80.1 கிராம்தான் கிடைத்தது, சதவீதம் என்ன என்று கேட்பார்கள். 80.1 ÷ 106.8 = 0.75, அதாவது 75%. நீங்கள் 133.5-ஐ வைத்திருந்தால் 60% வந்திருக்கும். அதுவும் பார்க்க அழகான முழு எண்தான், சந்தேகமே வராது. முதல் படியில் தட்டுப்பாட்டைத் தப்பாகப் பிடித்தால் அடுத்து வருகிற ஒவ்வொரு விடையும் நாணயமானதுபோலவே தோற்றமளிக்கும், அதுதான் ஆபத்து.

இந்த 25% எங்கே போனது? இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லிமிட்டிங் ரியேஜென்ட் தீர்மானிப்பது உச்சவரம்பை: இதற்கு மேல் ஒரு கிராம்கூட வராது. அந்த வரம்புக்குள் எவ்வளவு கையில் கிடைக்கும் என்பதைக் குணகம் சொல்லாது, செய்முறைதான் சொல்லும். சூடேற்றிய அலுமினியத்தின் மேல் உலர்ந்த குளோரினைச் செலுத்தித்தான் இந்தக் குளோரைடைத் தயாரிக்கிறார்கள். அது 180 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஆவியாகிக் கிளம்பிவிடும், குளிர்ந்த கலத்தில் பிடிக்க வேண்டும். குழாய்ச் சுவரில் கொஞ்சம் படியும், கொஞ்சம் புகையோடு போகும். காற்றில் ஈரம் இருந்தால் அதோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடும். சென்னைக் கடற்கரைக் காற்றில் குப்பியைத் திறந்தால் வெள்ளைப் புகை கிளம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தேர்வுக் கணக்கில் இதெல்லாம் அந்த 75% என்ற ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் கணக்கில் சதவீதம் 100-ஐத் தாண்டி வந்தால் பெரும்பாலும் விளைபொருளின் குணகம் விட்டுப்போயிருக்கிறது. ஆய்வகத்தில் நிஜமாகவே எடைபோட்டு 100-ஐத் தாண்டினால் பொருள் ஈரமாக இருக்கிறது, அல்லது வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

இதுவரை சொன்னது ஒரே ஒரு வினை, அதுவும் முடிவுவரை நடக்கிறது என்ற அனுமானத்தில். அந்த அனுமானம் உடையும் இடத்தை நம் ஊரிலேயே காட்டலாம். மணலியில் அம்மோனியாவிலிருந்து யூரியா தயாரிக்கிற உரத் தொழிற்சாலை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புத்தகத்தில் அந்த வினை இப்படி:

2NH₃ + CO₂ → NH₂CONH₂ + H₂O

தேர்வில் 68 கிராம் அம்மோனியா, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று கொடுத்தால் 4 மோல், 1 மோல். செட் கணக்கில் 2, 1. கார்பன் டை ஆக்சைடு தட்டுப்பாடு, யூரியா 1 மோல், 60 கிராம், அம்மோனியா மிச்சம் 34 கிராம். கணக்கு முடிந்தது. யூரியா ஆலைகளில் பொதுவாக உள்ளே அனுப்புகிற விகிதமும் ஏறத்தாழ இப்படித்தான், தேவையான இரண்டு பங்கைவிட நன்றாகக் கூடுதலாக அம்மோனியா போகும். வேண்டுமென்றே கார்பன் டை ஆக்சைடைத் தட்டுப்பாடாக வைக்கிறார்கள். காரணம், இந்த வினை மீள்வினை. நடுவில் அம்மோனியம் கார்பமேட் உருவாகி, அது நீரை இழந்துதான் யூரியா வருகிறது. அந்த இரண்டாவது படி முழுதாக நடப்பதில்லை. அம்மோனியா மிகுதியாக இருந்தால் சமநிலை யூரியா பக்கம் தள்ளப்படும், பையூரெட் என்ற வேண்டாத விளைபொருளும் குறையும். அப்படியும் ஒரு சுற்றில் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் யூரியாவாகும். மீதியைப் பிரித்தெடுத்துத் திரும்ப உள்ளே அனுப்புவார்கள், மிகுதி அம்மோனியாவும் அப்படியே சுழலும். அதனால் அங்கே 60 கிராம் என்பது ஒரு சுற்றில் எட்டாத வரம்பு. உங்கள் தேர்வில் 'முழுமையாக வினைபுரிகிறது' என்று சொல்லியிருந்தாலும், எதுவும் சொல்லாமல் விட்டிருந்தாலும் 60 என்றே எழுதுங்கள். சமநிலை மாறிலி தரப்பட்டிருந்தால் மட்டும் அது வேறு பாடத்துக் கணக்கு.

இன்னொரு இடமும் உண்டு. விகிதம் மாறினால் விளைபொருளே மாறிவிடுகிற வினைகள். பாஸ்பரஸுடன் குளோரின் அளவாக இருந்தால் PCl₃, மிகுதியாக இருந்தால் PCl₅. கரி போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும். இங்கே எந்தச் சமன்பாடு என்று கேள்வியில் கொடுத்திருக்கிறார்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கொடுக்காமல் விட்டால் 'மிகுதியான குளோரின்', 'போதிய ஆக்சிஜன்' போன்ற சொற்களைத் தேடுங்கள். அந்தச் சொற்கள் இருந்தால் தட்டுப்பாட்டைத் தேடும் வேலையே இல்லை, மற்ற பொருள்தான் தட்டுப்பாடு என்று கேள்வியே சொல்லிவிட்டது.

கடைசியாக, இதே முறையை ஒரு கரைசல் கணக்கில் நீங்களே போட்டுப் பாருங்கள். 80% தூய்மையுள்ள சலவைக்கல் 6.25 கிராமோடு 0.5 M ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிலிட்டர் சேர்க்கிறோம். வினை CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂. தூய்மையை முதலிலேயே கழித்துவிடுங்கள்: 6.25-ல் 80% என்றால் 5 கிராம் கால்சியம் கார்பனேட், 0.05 மோல். அமிலம் 0.5 × 0.1 = 0.05 மோல். மோல் இரண்டும் சமம். இதைப் பார்த்ததும் 'எதுவும் மிஞ்சாது' என்று எழுதுகிறவர்கள் நிறைய. செட்டுக்கு வகுத்தால் கார்பனேட் 0.05, அமிலம் 0.025. அமிலம் தட்டுப்பாடு, கார்பன் டை ஆக்சைடு 0.025 மோல், 1.1 கிராம், கார்பனேட் பாதி மிஞ்சும், 2.5 கிராம். எதுவும் மிஞ்சாத நிலை வர வேண்டுமானால் வகுத்து வந்த எண்கள் சமமாக வேண்டும், மோல்கள் சமமானால் போதாது. அந்த வாயுவின் கனஅளவைக் கேட்டால் அழுத்தத்தைப் பாருங்கள். 0 டிகிரி செல்சியஸில் 1 அட்மாஸ்பியர் என்றால் மோலுக்கு 22.4 லிட்டர், விடை 560 மில்லிலிட்டர். அதே வெப்பநிலையில் 1 பார் என்றால் 22.7 லிட்டர், விடை 567.5 மில்லிலிட்டர். இரண்டு புத்தகங்களில் இரண்டு விடை இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், தட்டுப்பாட்டைப் பிடித்ததில் தப்பு இருக்காது.